ஓபிஜி படிக்கும்போது செய்யக் கூடாத தவறுகள்

ஓபிஜி என்பது இரண்டு தாடைகளையும் எல்லாப் பற்களையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்ரே. 42 வயதுப் பெண் ஒருவரின் ஓபிஜி நம் முன்னால் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கூடவே வந்த குறிப்பு பற்களை எண்களால் குறித்து இப்படிச் சொல்கிறது: “36 முன்பக்கம் சாய்ந்திருக்கிறது, அங்கே எலும்பு கரைந்திருக்கிறது. 38 இல்லை. 48 புதைந்திருக்கிறது. 47-க்குப் பின்னால் பாதி வேர் வரை எலும்பு இல்லை. ஈறு நோய் முற்றிய நிலை.” இதில் முழுக்கச் சரியானது 48 பற்றிய வரி மட்டும்தான். 47-க்குப் பின்னால் பார்த்தது சரி, அதிலிருந்து எடுத்த முடிவு தவறு. மற்றவை ஒரு எண் பிசகியதாலும் சாய்வைத் தவறாகப் படித்ததாலும் வந்தவை. பல் மருத்துவ மாணவர்களின் குறிப்புகளில் இந்த வகைத் தவறுகள் அடிக்கடி வரும் என்பதால் இந்தப் படத்தையே பொறுமையாகப் பார்ப்போம்.

எண்ணுவதற்கு முன் பக்கம் சரியா என்று பார்க்க வேண்டும். நோயாளி நமக்கு எதிரே உட்கார்ந்திருப்பது போலத்தான் படம் வைக்கப்படும். அவருடைய வலது பக்கம் நம் இடது கைப்பக்கம் வரும். படத்தின் ஓரத்தில் R அல்லது L என்ற எழுத்து இருக்கும். பிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் போனில் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது பிலிம் திரும்பிப்போவது சகஜம். அந்த எழுத்து கண்ணாடியில் தெரிவது போல இடவலமாகத் திரும்பி இருந்தால் படமும் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். எழுத்தே தெரியாமல் வெட்டி அனுப்பிய படத்தை வைத்து எந்தப் பல்லையும் எடுக்கச் சொல்லக் கூடாது.

இனி எண்கள். இந்தியாவில் புழங்குவது இரண்டு இலக்க முறை. முதல் இலக்கம் வாயின் கால்பகுதியைச் சொல்கிறது: நோயாளியின் மேல் வலது 1, மேல் இடது 2, கீழ் இடது 3, கீழ் வலது 4. இரண்டாவது இலக்கம் நடுவிலிருந்து பின்னோக்கி 1 முதல் 8 வரை. ஆகவே 36 என்பதை முப்பத்தாறு என்று படிப்பதைவிட மூன்று-ஆறு என்று படிப்பதே பாதுகாப்பு: கீழ் இடது, ஆறாவது பல், அதாவது முதல் பெரிய கடைவாய்ப்பல். அமெரிக்காவில் வேறு முறை. அங்கே 1 முதல் 32 வரை ஒரே ஓட்டமாக எண்ணுவார்கள். நமக்கு 18 என்றால் மேல் வலது ஞானப்பல். அவர்களுக்கு 18 என்றால் கீழ் இடது இரண்டாவது கடைவாய்ப்பல். அங்கே சிகிச்சை பார்த்துவிட்டு ஊருக்கு வருபவரின் குறிப்பைப் படிக்கும்போது எந்த முறை என்று கேட்காமல் எண்ணை நம்பக் கூடாது.

நம் படத்தில் எண் எங்கே பிசகியது? கீழ் இடது பக்கத்தில் சின்னக் கடைவாய்ப்பற்கள் இரண்டுக்குப் பின்னால் ஓர் இடைவெளி, அப்புறம் பெரிய பற்கள் இரண்டு. குறிப்பு எழுதியவர் முன்னிருந்து வரிசையாக எண்ணி, முதலில் வந்ததை 36, அடுத்ததை 37 என்று போட்டுவிட்டார். பெரிய பல் மூன்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இருந்ததால் 38 இல்லை என்றும் எழுதிவிட்டார். ஆனால் ஆறு வயதில் முளைக்கும் முதல் கடைவாய்ப்பல்தான் சீக்கிரம் சொத்தையாகிப் பள்ளிப் பருவத்திலேயே பிடுங்கப்படுகிற பல். அது போனால் பின்னால் இருக்கும் 37 முன்னோக்கிச் சாய்ந்து அந்த இடத்துக்கு நகரும். 38-க்கும் இடம் கிடைத்து மேலே வந்துவிடும். அதனால் கடைவாய்ப்பற்களை எண்ணிக்கையை வைத்து மட்டும் அடையாளம் காணக் கூடாது, உருவத்தையும் பார்க்க வேண்டும்.

உருவம் நன்றாகவே காட்டிக்கொடுக்கும். கீழ் முதல் கடைவாய்ப்பல்லின் இரண்டு வேர்களும் விரிந்து நிற்கும். இரண்டாவதில் அவை நெருங்கி, ஏறக்குறைய ஒன்றுக்கொன்று இணையாக ஓடும். ஞானப்பல்லில் பெரும்பாலும் வேர்கள் குட்டையாக, ஒட்டிப்போய், பின்னோக்கி வளைந்திருக்கும். நம் படத்தில் சாய்ந்த பல்லின் வேர்கள் நெருங்கி இருக்கின்றன, கடைசிப் பல்லின் வேர்கள் ஒட்டியிருக்கின்றன. மேலே பார்த்தால் 26 தன் வரிசையை விட்டுக் கீழே இறங்கியிருக்கிறது. கடிப்பதற்கு எதிர்ப்பல் இல்லாதபோது நடப்பது அது. ஆக, இல்லாதது 36, சாய்ந்திருப்பது 37, கடைசியில் நிற்பது 38. நோயாளியிடம் கேட்டால் “ஒன்பதாவது படிக்கும்போது அந்தப் பல்லை எடுத்தாங்க” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். அந்தக் கேள்வியைக் கேட்காமல் ஒரு பல் பிறவியிலேயே இல்லை என்று எழுதுவது பெரிய தவறு.

சாய்ந்த 37-இன் முன்பக்கம் எலும்பு சரிவாக இறங்குவது போலத் தெரிகிறது. பள்ளம் போன்ற அந்தச் சரிவைப் பார்த்ததும் எலும்பு கரைந்துவிட்டது என்று எழுதத் தோன்றும். இங்கேதான் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். பல்லின் எனாமல் முடிந்து வேர் தொடங்கும் இடத்தைப் பல்கழுத்து என்று வைத்துக்கொள்வோம். ஆரோக்கியமான வாயில் எலும்பின் விளிம்பு பல்கழுத்துக்குச் சுமார் 1 முதல் 2 மில்லிமீட்டர் கீழே நிற்கும். பக்கத்துப் பற்களின் கழுத்துகளை இணைத்து மனதில் ஒரு கோடு போட்டால் எலும்பு விளிம்பு அதற்கு இணையாக ஓடும். ஒரு பல் சாய்ந்தால் அதன் கழுத்தும் முன்பக்கம் இறங்கும், எலும்பும் கூடவே சரியும். கழுத்துக்கும் எலும்புக்கும் உள்ள தூரம் மாறாமல் இருந்தால் அது நோயால் வந்த பள்ளம் இல்லை, சாய்வின் வடிவம்தான். நம் படத்தில் 37-க்கு அந்தத் தூரம் மற்ற பற்களில் உள்ள அளவைத் தாண்டவில்லை. சாய்ந்த பல்லின் முன்பக்கம் உணவு தங்கி உண்மையான பள்ளமும் வரலாம் என்பதால், ஈறு அளக்கும் கம்பியை விட்டுப் பார்த்த பிறகே முடிவு சொல்ல வேண்டும்.

உண்மையான கரைவும் இந்த வாயில் இருக்கிறது. அதை அளப்பதில் எல்லோரும் செய்கிற தவறு, திரையில் ஸ்கேலை வைத்து “5 மில்லிமீட்டர்” என்று எழுதுவது. ஓபிஜி படம் உண்மை அளவைவிடப் பெரியது. அந்தப் பெருக்கமும் இயந்திரத்துக்கு இயந்திரம், ஒரே படத்திலேயே இடத்துக்கு இடம் மாறும். அதே பல்லின் வேரையே அளவுகோலாக வைத்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் விலகிவிடும். இந்தப் படத்தில் 46-இன் கழுத்திலிருந்து வேர்நுனி வரை திரையில் 16 மில்லிமீட்டர், எலும்பு விளிம்பு வரை 5. வேரின் நீளத்தில் 31 சதவீதம். 2018-இல் வெளியான ஈறு நோய் வகைப்பாட்டின்படி எலும்பு இழப்பு 15 சதவீதத்துக்குக் கீழ் என்றால் முதல் நிலை, 15 முதல் 33 வரை இரண்டாம் நிலை, வேரின் நடுப்பகுதிக்குள் போய்விட்டால் மூன்றாம் நிலையோ நான்காம் நிலையோ. இந்தச் சதவீதத்தை வயதால் வகுத்தால் வேகம் தெரியும்: 31-ஐ 42-ஆல் வகுத்தால் 0.74. 0.25-க்கும் 1-க்கும் இடையில் இருப்பதால் நடுத்தர வேகம். படம் தருவது ஒரு மதிப்பீடுதான். கன்னத்துப் பக்கமும் நாக்குப் பக்கமும் உள்ள எலும்பைப் பல்லே மறைத்துவிடும். இன்று நோய் சுறுசுறுப்பாக இருக்கிறதா, ஓய்ந்துவிட்டதா என்பதையும் படம் சொல்லாது.

அப்படியானால் 47-க்குப் பின்னால் பாதி வேர் வரை போன எலும்பை ஏன் கணக்கில் எடுக்கவில்லை? மிக மோசமான இடத்தை வைத்துத்தானே நிலையைச் சொல்ல வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அதே வகைப்பாடு ஒரு விலக்கும் தருகிறது: கோணலாக நிற்கும் ஞானப்பல்லாலோ அதைப் பிடுங்கியதாலோ இரண்டாவது கடைவாய்ப்பல்லின் பின்பக்கம் வரும் இழப்பை ஈறு நோயின் கணக்கில் சேர்க்கக் கூடாது. இங்கே 48 முன்னோக்கிப் படுத்து 47-இன் பின்பக்கத்தை முட்டிக்கொண்டிருக்கிறது. பிரஷ் போகாத சந்து அது. எலும்பு போனதற்குக் காரணம் அங்கேயே இருக்கும்போது முழு வாயையும் “முற்றிய நிலை” என்று சொல்வது அந்தப் பெண்ணுக்குத் தேவையில்லாத பயத்தையும் சிகிச்சையையும் கொடுத்துவிடும். சரியான குறிப்பு: இரண்டாம் நிலை ஈறு நோய், தனியாக, 48-ஆல் 47-இன் பின்பக்கம் எலும்பு இழப்பு.

எலும்பைப் பார்க்கும்போது இயந்திரம் விளைவிக்கும் மயக்கங்கள் இரண்டையும் மறக்கக் கூடாது. படம் எடுக்கும்போது நாக்கை அண்ணத்தோடு ஒட்டி வைக்காவிட்டால் மேல் பற்களின் வேர்நுனிகள் மேல் ஒரு கறுப்புப் பட்டை விழும். அது காற்று, எலும்புக் கரைவு இல்லை. கீழ் முன்பற்கள் மேல் கழுத்துப் பகுதி முதுகெலும்பின் நிழல் வெள்ளையாக விழுவதால் அங்கே எலும்பு எவ்வளவு என்று ஓபிஜியை வைத்துச் சொல்வது ஆபத்து. அந்த இடத்துக்கு வாய்க்குள் வைத்து எடுக்கும் சின்ன எக்ஸ்ரேதான் சரி.

கடைசியாக 48. இந்தப் பெண்ணுக்கு அது புதைந்த பல் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் 15 வயதுப் பிள்ளையின் படத்தில் வேர் பாதிகூட வளராத ஞானப்பல்லைப் பார்த்து “புதைந்திருக்கிறது” என்று எழுதுகிறார்கள். அது இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் பல், அவ்வளவுதான்.

48-இன் வேர்கள் கீழ்த்தாடை நரம்புக் குழாயின் மேல் விழுந்திருக்கின்றன. மேலே விழுந்ததாலேயே நரம்பைத் தொடுகிறது என்று நோயாளியிடம் சொல்லக் கூடாது. ஓபிஜி ஆழம் இல்லாத படம். வேர் குழாய்க்கு நாக்குப் பக்கம் இருந்தாலும் கன்னத்துப் பக்கம் இருந்தாலும் ஒன்றாகவே தெரியும். பார்க்க வேண்டியது மூன்று அடையாளங்கள்: குழாய் கடக்கும் இடத்தில் வேர் கறுத்திருக்கிறதா, குழாயின் வெள்ளைக் கோடு அங்கே அறுந்திருக்கிறதா, குழாய் அந்த இடத்தில் வளைந்து போகிறதா. இவற்றில் ஒன்று இருந்தாலும் நெருக்கம் உண்மையாக இருக்க வாய்ப்பு அதிகம். மூன்றும் இல்லை என்பதும் முழு உத்தரவாதம் இல்லை. நாக்குக்குப் போகும் நரம்போ எந்த ஓபிஜியிலும் தெரியாது.

நம் படத்தில் 48-இன் வேர் கறுத்திருக்கிறது, கோடும் அறுந்திருக்கிறது. பல்லை எடுப்பதற்கு முன் அந்த இடத்துக்கு மட்டும், ஆழத்தையும் காட்டும் சிபிசிடி ஸ்கேன் கேட்பது சரி. ஸ்கேனில் வேரும் நரம்பும் ஒட்டியிருப்பது தெரிந்தால், கீழ் உதடும் தாடையும் மரத்துப்போகும் வாய்ப்பை முன்கூட்டியே சொல்ல வேண்டும். பல்லில் தொற்றோ வேர் வரை போன சொத்தையோ இல்லையென்றால், மேல்பகுதியை மட்டும் வெட்டி எடுத்து வேரை அப்படியே விட்டுவிடும் வழியையும் அவரிடம் பேசலாம். 47-இன் பின்பக்கம் அதன் பிறகு சுத்தம் செய்ய எட்டும்.