அப்பாவின் குரல் பதிவுகளை மூன்று இடத்தில் வைத்த கதை

அப்பா இறந்த பிறகு அவர் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவுகள் அம்மாவின் போனில் மட்டும்தான் இருந்தன. அந்த போன் ஒருநாள் தண்ணீர் வாளியில் விழுந்தது. பேக்கப் இருக்கிறதே என்று நினைத்துப் பார்த்தால், கூகுள் கணக்கில் 15 ஜிபி நிரம்பி, கடைசி பேக்கப் ஐந்து மாதத்துக்கு முந்தையது. நல்லவேளை, டிஸ்ப்ளே மட்டும்தான் போயிருந்தது, மாற்றியதும் போன் உயிர் பெற்றது.

அன்றே உட்கார்ந்து அப்பாவின் சாட்டைத் திறந்து, மூன்று புள்ளி, More, Export chat, Include media என்று போய் ஜிப் கோப்பாக எடுத்தேன். மீடியாவோடு எடுத்தால் கடைசி 10,000 செய்தி அளவுக்குத்தான் வரும், அதனால் மீடியா இல்லாமலும் ஒருமுறை எடுத்தேன், அதில் 40,000 செய்தி வரை எழுத்தாக வரும். பழைய ஆடியோக்களுக்கு WhatsApp Voice Notes ஃபோல்டரையே கம்ப்யூட்டருக்கு நகலெடுத்தேன். ஏற்றுமதி செய்ததை வாட்ஸ்அப்புக்குள் திரும்ப ஏற்ற முடியாது, படிக்கவும் கேட்கவும் மட்டும்தான், ஆகவே பேக்கப்பையும் சரிசெய்து ஓடவிட்டேன்.

இப்போது ஒன்று போனில், ஒன்று வீட்டு ஹார்ட் டிஸ்கில், ஒன்று அக்கா வீட்டு அலமாரியில் பென்டிரைவில். வீட்டில் திருட்டோ வெள்ளமோ வந்தால் முதல் இரண்டும் சேர்ந்தே போகும், அதற்குத்தான் அக்கா வீடு. பொங்கலுக்குப் போகும்போது அந்தப் பென்டிரைவைச் செருகி, நடுவிலிருந்து ஒரு பதிவைப் போட்டுக் கேட்கிறோம். கோப்பின் பெயர் தெரிந்தும் ஆடியோ ஓடவில்லை என்றால் அந்த நகல் கெட்டுவிட்டது, உடனே வேறு எழுதிவிடுவோம்.