"ஓம் அண்ணா" என்பது ஒப்புதல் அல்ல: வேலை நேரத்தை மாற்றும் முன் ஊழியரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கும் முறை

லண்டனில் சிறு கடைகளுக்குச் சம்பளக் கணக்கும் ஊழியர் கோப்புகளும் பார்த்துக் கொடுப்பது என் வேலை. முதலாளி கேட்டால் நம் கடைகளில் யாரும் முகத்துக்கு நேரே மாட்டேன் என்பதில்லை. "ஓம் அண்ணா, பாப்பம்" என்பார்கள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு நேர அட்டவணையை மாற்றுகிற இடத்தில்தான் பிணக்கு தொடங்குகிறது.

ஒரு மளிகைக்கடையை எடுத்துக்கொள்வோம். ஆறு ஊழியர்கள். எல்லோருக்கும் காலை 9 முதல் மாலை 5 வரை வேலை. மாலையில்தான் வியாபாரம் அதிகம் என்பதால், பகல் 12 முதல் இரவு 8 வரை என்று மாற்ற முதலாளி விரும்புகிறார்.

1. முதலில் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். "வேலை நேரம் 9 முதல் 5 வரை" என்று அதில் இருந்தால், அது இரு தரப்பும் ஒத்துக்கொண்ட நிபந்தனை. ஒருவர் மட்டும் அதை மாற்ற முடியாது. "தேவைக்கேற்ப நேரத்தை மாற்ற நிர்வாகத்துக்கு உரிமை உண்டு" என்ற வரி இருந்தாலும் அவசரப்படாதீர்கள். நீதிமன்றங்கள் இப்படிப்பட்ட வரிகளுக்குக் குறுகலாகத்தான் பொருள் கொள்கின்றன. போதிய முன்னறிவிப்பு இல்லாமல், ஒருவருடைய நாளையே புரட்டிப்போடும் மாற்றத்துக்கு அந்த வரியை நம்பி இறங்குவது ஆபத்து.

2. முடிவெடுக்கும் முன் ஒவ்வொருவரோடும் தனியாகப் பேசுங்கள். எல்லோரையும் ஒன்றாக நிறுத்திக் கேட்டால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். ஏன் மாற்றம் என்று சொல்லி, உங்களுக்கு இதில் என்ன சிரமம் என்று கேளுங்கள். பேசிய தேதியையும் அவர் சொன்னதையும் குறித்து வையுங்கள். நம் கடையில் ஒரு தாய், பிள்ளையைப் பள்ளிக்குப் பின் பார்த்துக்கொள்ளும் இடம் 6 மணிக்கு மூடிவிடும் என்கிறார். இது சாதாரண முறைப்பாடு அல்ல. பிள்ளை வளர்க்கும் பொறுப்பு பெண்கள் மீதே அதிகம் விழுவதால், எல்லோருக்கும் ஒரே மாற்றம் என்றாலும் அது 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி மறைமுகப் பாகுபாடாகலாம்.

3. கடிதம் கொடுங்கள். பழைய நிபந்தனை, புதிய நிபந்தனை, தொடங்கும் தேதி, மாறாதவை, பதில் தர வேண்டிய நாள் ஆகிய ஐந்தும் அதில் இருக்க வேண்டும். உள்ளடக்கம் இப்படி இருக்கலாம்:

> உங்கள் வேலை நேரம் இப்போது திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 9 முதல் மாலை 5 வரை. இதை ஜூன் 1 முதல் பகல் 12 முதல் இரவு 8 வரை என மாற்ற உங்கள் சம்மதத்தைக் கேட்கிறோம். மணிக்கூலி, வாராந்த மொத்த மணிநேரம், விடுமுறை நாட்கள் மாறா. மே 10க்குள் கீழே ஒன்றைக் குறித்து, கையெழுத்திட்டுத் தாருங்கள்.
> ☐ சம்மதிக்கிறேன் ☐ சம்மதிக்கவில்லை ☐ பேச விரும்புகிறேன்

"பேச விரும்புகிறேன்" என்ற கட்டத்தை விட்டுவிடாதீர்கள். நம்மவர்கள் மனத்தில் உள்ளது பெரும்பாலும் அங்கேதான் வெளிப்படும். இரண்டு பிரதி கொடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோய் யோசிக்கச் சொல்லுங்கள். கல்லாவுக்கு முன்னால் நின்று பேனாவை நீட்டாதீர்கள். அழுத்தத்தில் வாங்கிய கையெழுத்து பின்னால் கேள்விக்குள்ளாகும்.

4. மௌனத்தைச் சம்மதமாக எண்ணாதீர்கள். நம் கடையில் நால்வர் கையெழுத்திட்டார்கள், தாய் பேச விரும்பினார், ஒருவர் கடிதத்தைத் திருப்பித் தரவே இல்லை. அவர் புதிய நேரத்துக்கு வந்து போனாலும், அதனால் மட்டும் ஒத்துக்கொண்டார் என்று ஆகிவிடாது. "எதிர்ப்போடுதான் வருகிறேன்" என்று அவர் எழுதியிருந்தால் உங்கள் நிலை இன்னும் பலவீனம். தேதிக்கு முன்பே கூப்பிட்டுக் கேட்டு, பதில் வரும் வரை அவரைப் பழைய நேரத்திலேயே விடுங்கள்.

5. மறுப்பவரோடு இடைவழி தேடுங்கள். அந்தத் தாய்க்கு மாமியார் பிள்ளையைப் பார்க்கும் இரண்டு நாள் மட்டும் 12 முதல் 8 வரை, மற்ற மூன்று நாளும் பழைய நேரம் என்று முடிந்தது. அதையும் தனிக் கடிதமாக எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். மூன்று மாதம் ஒத்திகை பார்ப்பது என்றால் முடியும் தேதியையும், சரிவராவிட்டால் பழைய நேரத்துக்கே திரும்புவார் என்பதையும் எழுதுங்கள்.

சம்மதிக்காதவரை நீக்கிவிட்டுப் புதிய நிபந்தனையில் திரும்ப எடுக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அது நியாயமற்ற பணிநீக்க வழக்கில் கொண்டுபோய் விடக்கூடிய வழி. 2025 டிசம்பரில் நிறைவேறிய வேலைவாய்ப்பு உரிமைகள் சட்டம் அதை இன்னும் இறுக்குகிறது. அந்த நிலை வரும் முன், வேலைப் பிணக்குகளில் ஆலோசனை தரும் ஏகாஸ் அமைப்பின் இலவச உதவித் தொலைபேசியில் பேசுங்கள்.

6. கையெழுத்து வந்த பிறகு. 1996ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு உரிமைகள் சட்டத்தின் 4ஆம் பிரிவுப்படி, மாற்றத்தின் விவரத்தை ஊழியருக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். மாற்றம் நடைமுறைக்கு வந்து ஒரு மாதத்தைத் தாண்டக்கூடாது. எல்லா விவரமும் உள்ள கடிதத்தின் பிரதி ஊழியரிடம் இருந்தால் அதுவே போதும். இல்லையென்றால் தனியாக ஒன்று கொடுங்கள். பிறகு கையெழுத்திட்ட மூலப்பிரதியைப் பழைய ஒப்பந்தத்தோடு சேர்த்துக் கோப்பில் வையுங்கள்.