கொழுந்து நிறுவை மென்பொருள்: தேவை ஆவணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுவையைப் புத்தகத்திலிருந்து போனுக்கு மாற்றுவதென்றால் முதலில் ஒரு தேவை ஆவணம் எழுத வேண்டும். தோட்டத்து ஒபிஸில் பெரிய கிளார்க்கும் மலையில் நிறுவை பார்க்கிற உத்தியோகத்தரும் அதைப் படிப்பார்கள். கண்டியிலோ கொழும்பிலோ இருக்கிற டெவலப்பரும் படிப்பார். எல்லோரும் விளங்கிவிட்டது என்று கையெழுத்துப் போடுவார்கள். ஆளுக்கொரு மாதிரி விளங்கியிருக்கிறது என்பது முதல் சம்பளத்தில்தான் வெளியே வரும். அப்போது குறைவது ஒரு தொழிலாளியின் கூலி.

இப்படியான ஆவணங்களில் அடிக்கடி பார்க்கிற ஒரு வசனத்தை எடுத்துக்கொள்வோம்:

"மென்பொருள், பறித்த கொழுந்தின் நிறையிலிருந்து சாக்கு நிறையைக் கழித்து, முழுக் கிலோவாக்கி, நோர்முக்கு மேலான கிலோவுக்கு மேலதிகக் கொடுப்பனவைக் கணக்கிட வேண்டும்."

வாசிக்க நன்றாகத்தான் இருக்கிறது. இதற்கு எண் போட்டுப் பார்த்தால்தான் ஓட்டை தெரியும். ஒரு நாளுக்குப் பறிக்க வேண்டிய அளவான நோர்ம் 20 கிலோ, சாக்குக் கழிவு அரைக் கிலோ, முழுக் கிலோவுக்கு மேல் வரும் பின்னம் விடப்படும் என்று வைத்துக்கொள்வோம். கழிவும் நோர்மும் தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். இவை கணக்குக்காக எடுத்த எண்கள் மட்டும். ஒரு தொழிலாளி காலையில் 7.4, மத்தியானம் 8.3, பின்னேரம் 7.2 கிலோ நிறுக்கிறார். மொத்தம் 22.9.

ஒரு டெவலப்பர் ஒவ்வொரு நிறுவையிலும் அரைக் கிலோ கழித்து, அங்கேயே பின்னத்தையும் விடுகிறார். 6.9, 7.8, 6.7 என்பவை 6, 7, 6 ஆகின்றன. அன்றைய கணக்கு 19 கிலோ. நோர்ம் வரவில்லை, அந்தத் தோட்டத்தில் நோர்ம் வராத நாளுக்கு அரைப் பேர்தான், அதாவது அரை நாட்கூலிதான் என்றால் முழுப் பேரும் போகிறது. இன்னொருவர் ஒவ்வொரு நிறுவைக்கும் கழித்தாலும் பின்னத்தை நாள் முடிவில்தான் விடுகிறார். 22.9இல் 1.5 போனால் 21.4, அதாவது 21 கிலோ, ஒரு கிலோ மேலதிகம். மூன்றாமவர் சாக்கை நாளுக்கு ஒருமுறை கழித்தால் போதும் என்று வாசிக்கிறார். 22.4, ஆகவே 22 கிலோ, இரண்டு கிலோ மேலதிகம்.

ஒரே வசனம், மூன்று கூலி. மூவரில் யாரும் பிழையாக வாசிக்கவில்லை. எதை எத்தனை தரம் கழிப்பது, பின்னத்தை எந்தக் கட்டத்தில் விடுவது என்ற இரண்டையும் வசனம் சொல்லவே இல்லை. பெரிய கிளார்க்குக்கு அது கைப்பழக்கம் என்பதால் எழுதாமலே விளங்கியது. கணக்கு வரும் எந்தத் தேவையிலும் வரிசையைப் படிப்படியாக எழுத வேண்டும்: முதலில் ஒவ்வொரு நிறுவையிலும் சாக்கு நிறையைக் கழி, அடுத்து நாளின் நிறுவைகளைக் கூட்டு, அதன் பிறகு பின்னத்தை விடு, கடைசியாக நோர்மோடு ஒப்பிடு. நடை அழகு இங்கே தேவையில்லை.

அதன் கீழேயே ஒரு சிறிய அட்டவணை வர வேண்டும். அட்டவணை இல்லாத கணக்கு விதியை முடிந்த விதியாக நான் ஏற்றுக்கொள்வதில்லை.

| நிறுவைகள் | கழிவுக்குப் பின் | கணக்கு | மேலதிகம் |
|---|---|---|---|
| 7.4, 8.3, 7.2 | 21.4 | 21 | 1 |
| 7.0, 7.5, 7.0 | 20.0 | 20 | 0, முழுப் பேர் உண்டு |
| 7.0, 7.4, 7.0 | 19.9 | 19 | 0, நோர்ம் வரவில்லை |
| 10.5, 10.4 | 19.9 | 19 | 0, நோர்ம் வரவில்லை |

இரண்டாவது, மூன்றாவது வரிகளைக் கவனியுங்கள். சரியாக 20 வந்தால் என்ன, அதற்குச் சற்றுக் கீழே வந்தால் என்ன என்பதை அவை முடிவு செய்துவிடுகின்றன. "நோர்முக்கு மேல்" என்று மட்டும் எழுதியிருந்தால், சரியாக 20 கிலோ பறித்தவருக்கு முழுப் பேர் உண்டா என்று டெவலப்பர் ஊகிக்கத்தான் வேண்டும். கடைசி வரி மழையால் ஒரு நிறுவை நடக்காத நாள். அன்றைக்கு நோர்மைக் குறைக்கும் வழக்கம் தோட்டத்தில் இருந்தால், கிளார்க் இந்த வரியைப் பார்த்ததுமே "அப்படி இல்லையே" என்பார். வசனத்தில் மறைந்து கிடந்த விதி அப்படித்தான் வெளியே வரும்.

அடுத்த தவறு, கூட்டம் வைத்து ஆவணத்தை உரக்க வாசித்து, எல்லோரும் தலையாட்டியதும் ஒப்புதல் என்று எடுத்துக்கொள்வது. அதைவிட, விடைப் பத்திகளை வெறுமையாக்கி, அட்டவணையை நிறுவை உத்தியோகத்தர், கிளார்க், டெவலப்பர் மூவருக்கும் தனித்தனியே கொடுங்கள். ஆவணத்தை மட்டும் பார்த்து நிரப்பட்டும், பக்கத்தில் இருப்பவரைக் கேட்க வேண்டாம். விடை வேறுபடுகிற வரிதான் திருத்த வேண்டிய வசனத்தைக் காட்டும். இதில் யாருக்கு விளங்கவில்லை என்று தேடக் கூடாது. பிழை எழுத்தில் இருக்கிறது. பிறகு டெவலப்பர் இதே வரிகளைச் சோதனையாக ஓட்டலாம், கிளார்க் மென்பொருளை ஏற்கும் நாளில் அவற்றையே போட்டுப் பார்க்கலாம்.

"சிக்னல் இல்லாதபோதும் வேலை செய்ய வேண்டும்" என்ற வரி மலையகத்தில் எழுதப்படும் எல்லா ஆவணத்திலும் இருக்கும். உத்தியோகத்தருக்கு அதன் பொருள், மலையில் நின்று நிறையைப் பதிந்தால் அது தொலையக் கூடாது என்பது. டெவலப்பருக்கோ அதில் குறைந்தது இரண்டு கேள்வி இருக்கிறது. மாதத்தின் கடைசி நாள் பின்னேரம் பதிந்த நிறை, மறுநாள் காலை ஒபிஸுக்கு வந்த பிறகுதான் சர்வருக்குப் போகிறது. அது எந்த மாதச் சம்பளப் பதிவேடான செக்ரோலில் சேரும்? ஒரே தொழிலாளியின் பின்னேர நிறுவை இரண்டு போனில் பதிவாகியிருந்தால் இரண்டையும் கூட்டுவதா, ஒன்றைத் தள்ளுவதா? "நிறுவை நடந்த நாளே கணக்கு நாள், சர்வருக்கு வந்த நேரம் தனியாகப் பதியப்படும், ஒரே ஆளுக்கு ஒரே நேர நிறுவை இரண்டு தரம் வந்தால் இரண்டையும் நிறுத்திவைத்துக் கிளார்க்குக்குக் காட்ட வேண்டும்" என்று எழுதினால் இருவரும் ஒன்றையே படிப்பார்கள்.

"தவறான நிறை திருத்தப்படும்" என்பதும் இதே வகை. யார் திருத்துவார்? தோட்ட வழக்கம் தெரிந்தவருக்கு அது ஒபிஸ் வேலை. டெவலப்பர் நிறுவைத் திரையிலேயே ஒரு திருத்தும் பொத்தானை வைத்துவிடுவார். திருத்துபவர் யார், எதுவரை திருத்தலாம், பழைய எண் அழியுமா நிற்குமா, தொழிலாளிக்கு அது தெரியுமா என்பதை எழுத வேண்டும். கடைசிக் கேள்வியை ஆவணங்களில் காண்பது அரிது. தன் கொழுந்து நிறை மாறியதைத் தொழிலாளி சம்பளச் சீட்டில் முதல்முறையாகப் பார்க்க நேரக் கூடாது.

நாட்சம்பளத்தை வசனத்துக்குள் எண்ணாக எழுதவும் வேண்டாம். சம்பள நிர்ணயச் சபை வழியாக 2021இல் 1000 ரூபாய் வந்தது. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1350 ஆனது. சம்பளம், மேலதிகக் கிலோவின் விலை, நோர்ம், கழிவு எல்லாவற்றையும், எந்தத் திகதியிலிருந்து செல்லும் என்ற பத்தியோடு தனி அட்டவணையில் வையுங்கள். நடுமாதத்தில் விலை மாறினால் முதல் பாதிக்குப் பழைய விலை, மறுபாதிக்குப் புதிய விலை என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைச் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் முழு மாதமும் புதிய விலையில் ஓடும், அல்லது முழு மாதமும் பழையதில் ஓடும்.