வேலை போனதும் முதலில் போடவேண்டிய கணக்கு

வேலை போனபின் பழைய துறையிலேயே வேலை தேடுவதா, புதுத் துறைக்கு மாறுவதா? கையிருப்பை வைத்து முடிவெடுங்கள். சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் டெஸ்டர் என்று வைத்துக்கொள்வோம். செட்டில்மெண்டும் சேமிப்பும் சேர்த்து 3 லட்சம். வாடகை, இ.எம்.ஐ., ஸ்கூல் ஃபீஸ், மளிகை எல்லாம் மாதம் 50,000. ஆக, 6 மாதம் தாங்கும். ஆனால் பழைய துறையிலேயே விண்ணப்பித்து, இன்டர்வியூ முடித்து, முதல் சம்பளம் வரவே 3 மாதம் ஓடிவிடலாம். அதைக் கழித்தால், டேட்டா அனலிட்டிக்ஸ் மாதிரி புதிதாக முயல மிச்சம் 3 மாதம்தான்.

அதற்குள் புதுத் துறையில் இன்டர்வியூ அழைப்போ, காசு தரும் சின்ன வேலையோ வரவேண்டும். கோர்ஸ் சர்டிஃபிகேட் கணக்கில் வராது. 90-வது நாளிலும் ஒன்றும் இல்லையா, பழைய துறைக்கே விண்ணப்பியுங்கள். கையிருப்பே 3 மாதத்துக்குத்தான் என்றால், முதல் நாளே பழைய துறையில் விண்ணப்பிக்கத் தொடங்குங்கள்.