நிழலையும் சரிவையும் கழித்தால் மொட்டை மாடியில் மிஞ்சுவது எவ்வளவு? கீழக்கரை வீடு ஒன்றின் கணக்கு

மேற்பரப்பு மாதிரியை வைத்துக் கூரைச் சூரிய மின்சாரத்தைக் கணிக்கும் பாடங்கள் இணையத்தில் ஏராளம். பெரும்பாலானவை மூன்று விதிகளைச் சொல்லும். 45 பாகைக்கு மேல் சரிந்த கட்டத்தை நீக்கு, ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 800 யூனிட்டுக்குக் குறைவாக வெயில் விழும் கட்டத்தை நீக்கு, வடக்கு பார்த்த கட்டத்தை நீக்கு. அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இவை சரி. கீழக்கரை இருப்பதோ வடக்கு அட்சம் 9¼ பாகையில். இங்கே இந்த மூன்று விதிகளையும் அப்படியே எடுத்துப் போட்டால் கழிக்க வேண்டியது தங்கிவிடும், தங்க வேண்டியது கழிந்துவிடும். ஒரே ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு, விதிகளை இந்தக் கடற்கரைக்கு ஏற்ப மாற்றிச் செய்து பார்ப்போம்.

முதலில் தேவையானவை

மேற்பரப்பு மாதிரி என்பது நிலத்தின் உயரத்தை மட்டுமல்ல, அதன் மேல் நிற்கும் வீடு, மரம், தொட்டி எல்லாவற்றின் உச்சி உயரத்தையும் கட்டம் கட்டமாகச் சொல்லும் படம். இலவசமாகக் கிடைக்கும் 30 மீட்டர் மாதிரிகள் இதற்கு உதவா. அந்த ஒரே கட்டத்துக்குள் பல வீடுகளும் நடுவிலுள்ள சந்தும் அடங்கிவிடும். அரை மீட்டர் கட்டம் வேண்டும். ட்ரோன் படங்களிலிருந்து அதை உருவாக்கலாம். எல்லையோரக் கடற்கரை என்பதால், பறக்கவிடும் முன் அந்த இடம் எந்த வண்ண மண்டலத்தில் வருகிறது என்று அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்துவிடுங்கள்.

அடுத்து, கட்டடங்களின் வெளிக்கோட்டுப் படம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இல்லாத வீடுகளை நீங்களே வரைந்துகொள்ளலாம். இரண்டையும் `EPSG:32644` என்ற ஆய முறைக்கு மாற்றுங்கள். கணக்கு முழுவதும் மீட்டரில் நடக்க வேண்டும். பாகையில் இருக்கும் படத்தில் சரிவைக் கணித்தால் அபத்தமான எண்கள்தான் வரும்.

மென்பொருள் கிராஸ் ஜிஐஎஸ், இலவசம்தான். மாதிரிக்கு `dsm` என்றும், கட்டடப் படத்துக்கு `bld` என்றும் பெயர் வைத்து உள்ளே ஏற்றிக்கொள்ளுங்கள்.

படி 1: சரிவும் திசையும்

```
g.region raster=dsm
r.slope.aspect elevation=dsm slope=sl aspect=as
```

மாதிரியைக் கட்டடக் கோட்டின்படி இப்போதே வெட்டிவிடாதீர்கள். புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. வெட்டினால் பக்கத்து வீட்டுத் தென்னையும் எதிரே நிற்கும் பனையும் மறைந்துபோகும், கூடவே அவற்றின் நிழலும். சூரியன் 10 பாகை உயரத்தில் இருக்கும்போது 15 மீட்டர் பனையின் நிழல் 85 மீட்டர் நீளும். ஆகவே உங்கள் தெருவைச் சுற்றி 100 மீட்டராவது விட்டு மாதிரியை வைத்துக்கொள்ளுங்கள். வெட்டும் வேலை கடைசியில்தான்.

இன்னொன்று. கிராஸ் கிழக்கிலிருந்து இடஞ்சுழியாகத் திசையை எண்ணும். அதில் 90 என்றால் வடக்கு, 270 என்றால் தெற்கு. வேறு மென்பொருளில் கணித்த திசைப் படத்தை இங்கே கொண்டுவந்து கொடுத்தால் தெற்குக் கூரை மேற்காகிவிடும், பிழைச் செய்தியும் வராது.

படி 2: ஓர் ஆண்டின் வெயில்

365 நாளும் கணிக்கத் தேவையில்லை. மாதத்துக்கு ஒரு நாளைப் பிரதிநிதியாக எடுத்து, அந்த மாதத்தின் நாள்களால் பெருக்கினால் போதும். ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைத்தான் கீழே உள்ள எண்கள் குறிக்கின்றன.

```
for d in 17 47 75 105 135 162 198 228 258 288 318 344; do
  r.sun elevation=dsm slope=sl aspect=as day=$d step=0.25 glob_rad=g$d
done
r.mapcalc "yr=(31*(g17+g75+g135+g198+g228+g288+g344)+30*(g105+g162+g258+g318)+28*g47)/1000.0"
```

`step=0.25` என்றால் கால் மணிக்கு ஒரு முறை சூரியனை நகர்த்திப் பார்க்கிறது என்று பொருள். இயல்பான அரை மணியில் விட்டால் மாடிப்படி அறையின் நிழல் விசிறி மடிப்புகள்போலத் தனித்தனிப் பட்டைகளாக விழுந்து, இடையே வெயில் படுவதாகக் காட்டும்.

கிடைக்கும் எண், வானம் ஆண்டு முழுவதும் தெளிவாக இருந்தால் விழும் வெயில். அது உண்மையைவிட அதிகம்தான். கவலை வேண்டாம், அடுத்த படியில் விகிதத்தைத்தான் பயன்படுத்தப்போகிறோம்.

படி 3: வெயிலின் வரம்பு

இந்தக் கடற்கரையின் திறந்த வெளியில் சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2000 யூனிட் வெயில் விழுகிறது. 800 என்ற வரம்பை இங்கே வைத்தால், வெயிலில் பாதிக்கு மேல் இழந்த கட்டமும் தேர்ச்சி பெற்றுவிடும். எனவே எண்ணை விட்டுவிட்டு விகிதத்தைப் பிடியுங்கள். உங்கள் படத்திலேயே மரமோ சுவரோ அருகில் இல்லாத சமதளம் ஒன்றை, ஒரு மைதானத்தையோ வெறும் பொட்டலையோ, சொடுக்கி அதன் `yr` மதிப்பைப் பாருங்கள். 2400 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 85 விழுக்காடு 2040. அதற்குக் கீழே உள்ளது நிழல்பட்ட கட்டம். இரு பக்கமும் தெளிவான வானத்தின் எண்ணாகவே இருப்பதால், மிகைக் கணிப்பு பெரும்பாலும் அடிபட்டுப் போகிறது.

படி 4: சரிவின் வரம்பு

மொட்டை மாடிதான் சமதளமாயிற்றே, சரிவை ஏன் பார்க்க வேண்டும்? கைப்பிடிச் சுவருக்காகத்தான். சரிவைக் கணிக்கும் முறை, ஒரு கட்டத்தைச் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களின் உயரத்தைப் பார்க்கிறது. கைப்பிடிச் சுவர் 0.9 மீட்டர் உயரம், அரை மீட்டர் கட்டம் என்றால், சுவரை ஒட்டிய தரைக் கட்டத்துக்கு வரும் சரிவு 42 பாகை. அங்கே தளம் சமமாகத்தான் இருக்கிறது, ஆனால் படத்தில் ஓட்டுக் கூரை மாதிரி சாய்ந்து கிடக்கும். 45 என்ற வரம்பில் இந்தப் பொய்ச் சரிவு முழுவதும் உள்ளே நுழைந்துவிடும். அது மட்டுமல்ல, அந்தக் கட்டத்துக்குக் கணித்த வெயிலும் 42 பாகைச் சாய்வுக்கான வெயில்தான்.

காங்கிரீட் மாடிக்கு 15 பாகை வைக்கிறேன். சுவரும் அதை ஒட்டிய வரிசையும் சேர்ந்து போய்விடும். போகட்டும், கடல் காற்று அடிக்கும் ஊரில் விளிம்பை ஒட்டிப் பலகை வைப்பது நல்லதல்ல, துடைக்கப் போக வழியும் வேண்டும். ஓட்டு வீடுகளுக்கு இந்த வரம்பு பொருந்தாது. அவற்றைத் தனியாகப் பிரித்து 35 வரை அனுமதியுங்கள்.

படி 5: வடக்கு பார்த்த சரிவு

ஓட்டு வீட்டின் வடக்குச் சரிவைக் கண்ணை மூடிக்கொண்டு நீக்காதீர்கள். ஏப்ரல் நடுவில் நம் தலைக்கு நேர் மேலே வரும் சூரியன், ஆகஸ்ட் கடைசி வரை உச்சிவேளையில் வடக்கே நிற்கிறது. ஜூனில் 30 பாகை சரிந்த வடக்குக் கூரையின் மேல் நண்பகல் வெயில் கிட்டத்தட்ட நேராக விழும். தெற்குக் கூரையின் காலம் செப்டம்பர் முதல் ஏப்ரல் தொடக்கம் வரை. அதில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இங்கே வடகிழக்குப் பருவமழைக் காலம், மேகம் மூடிக் கிடக்கும் மாதங்கள். தென்மேற்குப் பருவமழை இந்த மாவட்டத்துக்கு அதிகம் தருவதில்லை என்பதால், வடக்குக் கூரையின் காலம் பெரும்பாலும் வெயில் காலம். தெளிவான வானக் கணக்கு இந்த வேறுபாட்டைக் காட்டாது. ஆகவே திசைக்குத் தனி விதி வேண்டாம். வெயில் வரம்பே முடிவு செய்யட்டும். மயிரிழையில் தோற்கும் வடக்குச் சரிவை மறுபடி பாருங்கள்.

படி 6: வடிகட்டலும் துண்டுகளும்

```
v.to.rast input=bld type=area output=bld use=cat
r.mapcalc "ok=if(bld>0 && sl<=15 && yr>=2040,1,null())"
r.reclass.area input=ok output=fin value=0.001 mode=greater
```

முதல் வரி கட்டடக் கோடுகளைக் கட்டங்களாக மாற்றுகிறது. கடைசி வரி 10 சதுர மீட்டருக்குக் குறைவான துண்டுகளை நீக்குகிறது. இங்கே அலகு ஹெக்டேர் என்பதால்தான் 0.001. இது இல்லாவிட்டால் தண்ணீர்த் தொட்டியின் மூடி ஜெயித்துவிடும். மாடியிலேயே உயரமான இடம், நிழலே விழாது, மேற்புறம் சமம்! சிலர் இதற்குப் பதிலாக `gdal_sieve.py` பயன்படுத்துவார்கள். அது சிறு துண்டை நீக்காமல் அண்டைப் பகுதியோடு சேர்த்துவிடும். மாடி நடுவே தொட்டிக்காக விட்ட ஓட்டையையும் அடைத்துவிடும்.

வீட்டின் கணக்கு

கிழக்கு மேற்காக 12 மீட்டர், தெற்கு வடக்காக 9 மீட்டர் உள்ள மாடி: 108 சதுர மீட்டர், 432 கட்டங்கள். தென்மேற்கு மூலையில் 4க்கு 3 மீட்டரில் மாடிப்படி அறை, உயரம் 2.7 மீட்டர், மேலே தொட்டி. சரிவு வரம்பு கைப்பிடிச் சுவரையும் ஒட்டிய வரிசையையும் எடுத்ததும் 280 கட்டங்கள் மிஞ்சும். மாடிப்படி அறையும் அதன் ஓரமும் 35 கட்டங்களை எடுக்கும். அறையின் உச்சியில் தங்கும் துண்டு 10 சதுர மீட்டருக்குக் குறைவு என்பதால் உதிர்ந்துவிடும்.

அடுத்து நிழல். டிசம்பர் நண்பகலில் சூரியன் தெற்கே 57 பாகை உயரத்தில் இருக்கும்; அறையின் நிழல் வடக்கே 1.7 மீட்டர் விழும். ஜூன் நண்பகலில் அது தெற்கே திரும்பும். ஆனால் அறை தெற்கு விளிம்பில் நிற்பதால் வெளியே தெருவில்தான் விழும். பிற்பகல்களில் நிழல் கிழக்கே நீண்டு தளத்தை மூடும். இப்படி 45 கட்டங்கள் போவதாக வைத்துக்கொண்டால் மிஞ்சுவது 200 கட்டங்கள், அதாவது 50 சதுர மீட்டர். மாடியில் பாதிகூட இல்லை.

கிலோவாட்டுக்கு 10 சதுர மீட்டர் என்ற வழக்கமான கணக்கில் இது 5 கிலோவாட். மிஞ்சிய கட்டங்களின் சராசரி வெயில் திறந்த வெளியில் 95 விழுக்காடு என்றால் 1900 யூனிட். வெப்பம், தூசி, கம்பி, இன்வர்ட்டர் இழப்புகளுக்காக 0.75 ஆல் பெருக்கினால், ஆண்டுக்கு 5 × 1900 × 0.75, ஏறத்தாழ 7100 யூனிட்.

சரிபார்ப்பு

ஒரு நொடியின் நிழலை மட்டும் கேட்டு வாங்கலாம்:

```
r.sun elevation=dsm slope=sl aspect=as day=344 time=9 beam_rad=b9
```

`b9` இல் சுழியமாக உள்ள இடம் நிழல். டிசம்பர் 10 அன்று மாடியில் ஏறி ஒப்பிட்டுப் பாருங்கள். இங்கே 9 என்பது சூரிய நேரம். கீழக்கரையில் அன்று கைக்கடிகாரம் 9.08 காட்டும். அறையின் நிழல் வடமேற்காக 3.8 மீட்டர் நீளத்தில் விழ வேண்டும். திசை தவறினால் திசைப் படத்தையும், நீளம் தவறினால் மாதிரியின் உயரத்தையும் சந்தேகியுங்கள்.

பனை மட்டும் இந்தச் சோதனையில் தேறாது. மேற்பரப்பு மாதிரிக்கு உச்சி மட்டுமே தெரியும். மட்டையின் அகலத்துக்குத் தரை வரை சுவர் எழுப்பியதாக அது நினைத்துக்கொள்ளும். உண்மையில் காலை வெயில் மட்டைக்குக் கீழே, தண்டைச் சுற்றி உள்ளே வந்துவிடும். எனவே பனைகள் நிற்கும் தெருவில் கணக்கை இரு முறை ஓட்டுங்கள்: உள்ளபடியே ஒரு முறை, பனைகளின் உயரத்தைத் தரை உயரமாக மாற்றி இன்னொரு முறை. முதலாவது கீழ் எல்லை, இரண்டாவது மேல் எல்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு கிலோவாட்டுக்கு மேல் இடைவெளி வந்தால், அந்த வீட்டுக்கு மட்டும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு எண்ணைச் சொல்லுங்கள்.