ஒரே எஃகுத் துண்டு, மூன்று நுண்ணோக்கிகள்

0.4% கார்பன் உள்ள எஃகைச் சூடாக்கிக் காற்றில் ஆறவிட்டால், அதில் பாதி ஃபெரைட்டாகவும், அதாவது ஏறக்குறைய தூய இரும்பாகவும், மீதி பெர்லைட்டாகவும் இருக்கும். பெர்லைட் என்பது ஃபெரைட்டும், இரும்புக் கார்பைடான சிமென்டைட்டும் மாறி மாறி அடுக்கிய தகடுகள். இந்தத் தகடுகளைப் பார்ப்பதுதான் நம் வேலை.

ஒளி நுண்ணோக்கி

1. தண்ணீர் ஊற்றிக்கொண்டே துண்டை வெட்டுங்கள். சூடேறினால் கட்டமைப்பே மாறிவிடும். பிறகு கையில் பிடிக்க வசதியாகப் பேக்கலைட் பிசினில் பதியுங்கள்.

2. 240, 400, 600, 800, 1200 என எமரி தாள்களில் வரிசையாகத் தேயுங்கள். தாள் மாறும்போதெல்லாம் துண்டை 90 பாகை திருப்புங்கள். முந்தைய கீறல்கள் முழுதும் மறைந்த பிறகே அடுத்த தாள். அவசரப்பட்டால் கீறலுக்கு அடியில் நசுங்கிய உலோகம் தங்கிவிடும். மெருகில் அது தெரியாது, அமிலம் பட்டதும் கீறல் திரும்ப வந்து நிற்கும். பெரும்பாலான மோசமான படங்களுக்கு இதுதான் காரணம்.

3. துணியில் 6 மைக்ரான், பிறகு 1 மைக்ரான் வைரப் பசையால் மெருகேற்றுங்கள்.

4. 98 மி.லி. எத்தனாலில் 2 மி.லி. அடர் நைட்ரிக் அமிலத்தைச் சேர்த்தால் 2% நைட்டால் தயார். அமிலத்தைத்தான் ஆல்கஹாலில் ஊற்ற வேண்டும். கலவையை இறுக மூடி வைக்காதீர்கள். துண்டை இதில் நனைத்தால், கண்ணாடிபோல் மின்னும் பரப்பு 5 முதல் 15 நொடிக்குள் மங்கும். உடனே கழுவி, ஆல்கஹால் விட்டு, சூடான காற்றில் உலர்த்துங்கள்.

ஃபெரைட் வெள்ளையாகவும் பெர்லைட் கருப்பாகவும் தெரியும். பெர்லைட் முழுவதும் ஒரே கருப்பு என்றால் அமிலத்தில் அதிக நேரம் இருந்திருக்கலாம். மறுபடி மெருகேற்றிப் பாருங்கள். அப்போதும் கோடுகள் பிரியவில்லையா? ஒளி சுமார் 0.2 மைக்ரானுக்கு நெருக்கமான இரு கோடுகளைப் பிரிக்காது. தகடுகள் அதைவிட நெருங்கியிருக்கின்றன.

ஸ்கேனிங் எலக்ட்ரான் நுண்ணோக்கி

அதே துண்டு போதும், கொஞ்சம் ஆழமாக அரித்தால் நல்லது. ஃபெரைட் கரைந்து தாழ, சிமென்டைட் மேடாக நிற்பதால் இரண்டாம்நிலை எலக்ட்ரான் படத்தில் தகடுகள் வெள்ளைக் கோடுகளாகப் பளிச்சிடும். 15 கிலோவோல்ட்டில் தொடங்கலாம். எஃகுக்குத் தங்கப் பூச்சு தேவையில்லை. ஆனால் பேக்கலைட் மின்சாரம் கடத்தாது. எஃகிலிருந்து தாங்கிவரை கார்பன் நாடா ஒட்டாவிட்டால் மின்னூட்டம் தேங்கி, படம் நகரும், வெள்ளைப் பட்டைகள் ஓடும்.

டிரான்ஸ்மிஷன் எலக்ட்ரான் நுண்ணோக்கி

தகட்டுக்குள் அணுக்களின் அடுக்கு பிசகியிருக்கும் இடப்பெயர்ச்சிக் கோடுகளைப் பார்க்க வேண்டுமானால் மட்டும் இங்கே வாருங்கள். எலக்ட்ரான்கள் ஊடுருவ வேண்டும் என்பதால் பார்க்கும் இடம் 100 நானோமீட்டருக்குள் மெலிந்திருக்க வேண்டும். பேக்கலைட் இல்லாத புதுத் துண்டைச் சுமார் 80 மைக்ரானுக்குத் தேய்த்து, 3 மி.மீ. வட்டம் வெட்டி, இருபுறமும் மின்பகுளியைப் பீய்ச்சி நடுவில் துளை விழும்வரை மெலிக்க வேண்டும். 5% பெர்குளோரிக் அமிலமும் 95% அசெட்டிக் அமிலமும் வழக்கமான கலவை. இது வெடிக்கக்கூடியது, குளிர்வித்தே, பழகியவர் பக்கத்தில் இருக்கும்போதே செய்யுங்கள். பேக்கலைட்டை இதன் அருகில் கொண்டுவரவே கூடாது.

துளை பெரிதாகிவிட்டால் விளிம்பு தடித்து, படம் இருண்டுவிடும். எஃகு காந்தத்தன்மை உள்ளதால் கற்றையையும் வளைக்கும். துண்டைச் சாய்க்கும் ஒவ்வொரு முறையும், படம் ஒரு திசையில் இழுபட்டு மங்கும் அஸ்டிக்மாட்டிசத்தைத் திருத்த வேண்டியிருக்கும். பார்க்கக் கிடைப்பதோ துளையோரத்துச் சில மைக்ரான்கள்தான். அது பெர்லைட்டின் எந்த மாதிரியான பகுதி என்பதை, முதலில் எடுத்த ஒளி நுண்ணோக்கிப் படத்தோடு ஒப்பிட்டே சொல்ல முடியும்.