டேட்டா லினியேஜ்: சிங்க்கை மாற்றும்போது ரிப்போர்ட்கள் தவறிப்போகும் இடங்கள்

டேட்டாவை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகலெடுக்கும் வேலைதான் சிங்க். அதில் கை வைத்தால் எந்தெந்த ரிப்போர்ட் பாதிக்கும் என்று தெரிந்துகொள்ளத்தான், டேட்டா எங்கிருந்து எங்கே போகிறது என்று காட்டும் லினியேஜ் ஆவணம் எழுதுகிறோம். பெரும்பாலான ஆவணங்கள் எந்த டேபிளிலிருந்து எந்த ரிப்போர்ட் வருகிறது என்று அம்புக்குறி போட்டதோடு நின்றுவிடுகின்றன. அந்த ரிப்போர்ட் சிங்க்கை எதற்காக நம்பியிருக்கிறது என்பதை யாரும் எழுதுவதில்லை. நான் பெரிய தவறாகக் கருதுவது இதைத்தான்.

ஒரு மொத்த விற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். அவர்களின் ஆர்டர்கள் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இருக்கின்றன. தினமும் இரவு `orders` டேபிள் முழுவதும், ரிப்போர்ட்கள் ஓடும் டேட்டா கிடங்கான பிக்குவெரிக்கு நகலாகிறது. பழைய நகல் அழிந்து புதியது உட்காரும். டேபிள் பெருத்துவிட்டதால், `updated_at` பார்த்து மாறிய ரெக்கார்டுகளை மட்டும் கொண்டுவரும்படி சிங்க்கை மாற்றுகிறார்கள். நெடுவரிசைப் பெயர்கள் மாறவில்லை, டைப் மாறவில்லை. விற்பனை ரிப்போர்ட்டைப் பார்த்தால் நேற்றைய தொகை அப்படியே இருக்கிறது. சரி என்று விட்டுவிடுகிறார்கள்.

ஆனால் தவறாகப் போட்ட ஆர்டரை பில்லிங் ஊழியர்கள் டெலீட் செய்வது அங்கே வழக்கம். முழு நகல் எடுத்த காலத்தில் அவை மறுநாள் தானாகவே மறைந்துவிடும். இப்போது மறையாது. டெலீட்டான ரெக்கார்டே மூலத்தில் இல்லை என்றால் அதன் `updated_at` எப்படி மாறும்? பிக்குவெரியில் அது `open` என்ற நிலையிலேயே தங்கிவிடும். விற்பனை ரிப்போர்ட் `paid` ஆர்டர்களை மட்டும் கூட்டுவதால் அதில் ஒன்றும் தெரியவில்லை. நிலுவை ஆர்டர் ரிப்போர்ட் நாளுக்கு நாள் வீங்குகிறது. இரண்டு படி தள்ளி இருக்கும் ஸ்டாக் ரிப்போர்ட், இருப்பிலிருந்து நிலுவையைக் கழிப்பது. குடோனில் 40 பெட்டி இருக்கிறது, உண்மையான நிலுவை 10 தான்; டெலீட்டான ஆர்டர்களின் 30 பெட்டியும் சேர்ந்து கழிந்தால் திரையில் பூஜ்யம். சரக்கு கைவசம் இருக்கும்போதே வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புவார்கள்.

அம்புக்குறிகள் எல்லாமே சரியாக இருந்தும் இது நடக்கும். "மூலத்தில் டெலீட்டானது இங்கும் மறைய வேண்டும்" என்று ஸ்டாக் ரிப்போர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் மாற்றுகிறவர் அங்கேயே நின்றிருப்பார். ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் இப்படி இரண்டு மூன்று வரி போதும்: டெலீட் வர வேண்டுமா, எத்தனை மணிக்குள் டேட்டா வர வேண்டும், தேதி யுடிசியா இந்திய நேரமா.

அடுத்தது, ரிப்போர்ட்டில் கண்ணுக்குத் தெரியும் நெடுவரிசைகளை மட்டும் பதிவது. நிலுவை ரிப்போர்ட்டின் திரையில் `status` என்ற பெயரே இருக்காது. அது `WHERE`-இல் உட்கார்ந்திருக்கும். வடிகட்டவும் `JOIN` செய்யவும் பயன்படுவதையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். நாளை மூலத்தில் `on_hold` என்று புது நிலை ஒன்று வந்தால் முதலில் அடிவாங்குவது இந்த ரிப்போர்ட்தான்.

குவெரி லாக்கை மட்டும் நம்பிப் பட்டியல் தயாரிப்பது இன்னொரு தவறு. பிக்குவெரியின் `INFORMATION_SCHEMA.JOBS`-இல் `referenced_tables` பார்த்தால் யார் எந்த டேபிளைப் படிக்கிறார்கள் என்று தெரியும். அக்கவுண்ட்ஸ்காரர் நேரடியாக இணைத்து வைத்திருக்கும் ஷீட்கூட அதில் சிக்கும், அதனால் நல்ல தொடக்கம்தான். ஆனால் அந்த லாக் 180 நாள் வரைதான் இருக்கும். மார்ச் முடிவில் ஓடும் ஆண்டுக் கணக்கு ரிப்போர்ட், நவம்பரில் தேடினால் அகப்படாது. அதைக் கேட்டுத்தான் எழுத வேண்டும்.

எழுதியதை வேறெங்கோ ஒரு பக்கத்தில் வைத்தால் சீக்கிரமே பழசாகிவிடும். கிடங்கில் டேட்டாவை மாற்றியமைக்கும் குவெரிகளை நிர்வகிக்க டிபிடி என்ற கருவியைப் பயன்படுத்துகிறவர்கள், ரிப்போர்ட்களை `exposures` ஆக அந்தக் குவெரிகள் இருக்கும் இடத்திலேயே எழுதலாம். எதிர்பார்ப்புகளை `description`-இலும் பொறுப்பாளரை `owner`-இலும் வைக்கலாம். அப்புறம் சிங்க்கைத் தொடும் முன் இதை ஓட்டினால் போதும்:

```
dbt ls --select "source:shop.orders+" --resource-type exposure
```

வரும் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் சரிபார்க்க வேண்டும். புது சிங்க்கைத் தனி டேட்டாசெட்டில் பழையதோடு சேர்த்து ஓட்டி, இரண்டிலிருந்தும் ரிப்போர்ட் எண்களை எடுத்து ஒப்பிடுங்கள். முதல் நாள் ஒப்பீடு எதையும் காட்டாது, ஏனென்றால் அன்று இரண்டும் ஒரே நகல். டெலீட்டுகள் சேரச் சேரத்தான் வித்தியாசம் விழும். அதனால் ஒரு மாத முடிவாவது தாண்டும் வரை விடுங்கள். மொத்தத்தை மட்டும் பார்க்காமல் `status` வாரியாக எண்ணுங்கள்; மூலத்தில் `open` எத்தனை, இங்கே எத்தனை என்று பார்த்தால் தப்பு உடனே தெரிந்துவிடும்.

பொறுப்பாளரிடமிருந்து பதில் வராத ரிப்போர்ட்டை "பிரச்சினை இல்லை" என்று குறிக்காதீர்கள். "சரிபார்க்கப்படவில்லை" என்றே எழுதுங்கள், அது தீரும் வரை பழைய சிங்க்கை நிறுத்த வேண்டாம்.